12 எம்எம் கம்பி நிஜமாகவே 12 எம்எம் தானா? ஒரு மீட்டர் துண்டை எடை போட்டாலே தெரிந்துவிடும்

ஒரகடம், வல்லம் வடகால், மாத்தூர், சுங்குவார்சத்திரம் பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் சென்ட்ரிங் பலகையும் கம்பிக் கட்டும்தான். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட பெரிய விடுதியை சிப்காட் வல்லம் வடகாலில் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், சொந்த நிலத்தில் நாலு ரூம் கட்டி வாடகைக்கு விடும் உள்ளூர்க்காரர்கள் இங்கே நிறைய.

அப்படிக் கட்டுபவர் முதல்முறையாகக் குழம்பும் இடம், இரும்புக் கடை பில். கம்பி லாரியில் வரும்போது எண்ணிக்கையில் இறங்குகிறது: 8 எம்எம் இத்தனை, 12 எம்எம் இத்தனை. பில் மட்டும் கிலோவில் வருகிறது. எண்ணிக்கை எப்படிக் கிலோவாக மாறியது? சில கடைகள் எடைமேடையில் ஏற்றிச் சொல்கின்றன. சில கடைகள் கால்குலேட்டரில் தட்டிச் சொல்கின்றன. கால்குலேட்டரில் தட்டும் அந்தக் கணக்குக்குப் பெயர் D²/162.

சூத்திரம் சின்னதுதான். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 8 எம்எம் என்றால் 64-ஐ 162-ஆல் வகுக்க வேண்டும், 0.395 கிலோ. 12 எம்எம் என்றால் 144-ஐ வகுக்க, 0.889 கிலோ. மேஸ்திரி, இன்ஜினீயர், கடைக்காரர் மூவருக்கும் இது மனப்பாடம். வீடு கட்டுபவருக்கு மட்டும்தான் தெரியாது.

சரி, அந்த 162 எங்கிருந்து வந்தது?

கம்பியின் குறுக்கே வெட்டினால் தெரியும் வட்டத்தில் ஒரே ஒரு சதுர மில்லிமீட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓடினால் மொத்தம் ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு. கட்டுமானக் கம்பியின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ என்று இந்தியத் தரநிலை எடுத்துக்கொள்கிறது. அதாவது ஒரு கன சென்டிமீட்டர் 7.85 கிராம்.

12 எம்எம் வட்டத்தின் பரப்பு சுமார் 113.1 சதுர மில்லிமீட்டர். அதை 7.85-ஆல் பெருக்கினால் 888 கிராம். முடிந்தது கணக்கு. வட்டத்தின் பரப்புக்கு வரும் பை, நாலு, அப்புறம் இந்த 7.85 எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்கி, கிராமைக் கிலோவாக மாற்றினால் கீழே வந்து உட்காரும் எண் 162.2. புள்ளியை விட்டுவிட்டு 162 என்கிறார்கள். அதனால் வரும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

கம்பி பெரும்பாலும் 12 மீட்டர் நீளத்தில் வருவதால், இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. 162-ஐ 12-ஆல் வகுத்தால் 13.5. ஆக, முழுக் கம்பி ஒன்றின் எடை வேண்டுமென்றால் நேராக D²/13.5 போட்டுவிடலாம். 8 எம்எம் முழுக் கம்பி 4.74 கிலோ. 12 எம்எம் 10.67 கிலோ. 16 எம்எம் 18.96 கிலோ.

இங்கே ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. கடையில் பேசும்போது "நாப்பது அடி கம்பி" என்பார்கள். 12 மீட்டர் என்பது 39.37 அடி. முழுசாக 40 அடி என்று வைத்துக் கணக்குப் போட்டால் எடை 1.6 சதவீதம் ஏறிவிடும். ஒரு கம்பியில் ஒன்றும் தெரியாது, ஒரு டன்னில் 16 கிலோ. லாரி நிற்கும்போதே நாலைந்து கம்பியை டேப் பிடித்து அளந்து, மீட்டரிலேயே கணக்குப் போடுவது நல்லது. அடியில்தான் கணக்கு வரும் என்பவர்கள் 162-க்குப் பதிலாக 533-ஆல் வகுக்க வேண்டும். 162-ஐ வைத்துக்கொண்டு அடியால் பெருக்கினால் எடை மூன்று மடங்குக்கு மேல் எகிறும்.

ஒரு ரூம், ஒரு தளம்

வல்லம் பக்கம் ஒருவர் வாடகை ரூம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரூமின் மேல்தளம் 3.6 மீட்டருக்கு 4.2 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 12 அடிக்கு 14 அடி. இரண்டு பக்கமும் 8 எம்எம் கம்பி, 15 சென்டிமீட்டர் இடைவெளி என்று இன்ஜினீயர் வரைபடத்தில் போட்டிருக்கிறார். இது கணக்குக்காக எடுத்த உதாரணம்தான். உங்கள் தளத்துக்கு எத்தனை எம்எம், என்ன இடைவெளி என்பதை உங்கள் இன்ஜினீயர்தான் சொல்ல வேண்டும்.

3.6 மீட்டர் கம்பிகள் 4.2 மீட்டர் பக்கத்தில் வரிசையாக நிற்கும். 4.2-ஐ 0.15-ஆல் வகுத்தால் 28 இடைவெளி. இடைவெளியைவிடக் கம்பி ஒன்று கூடுதல், எனவே 29 கம்பி. அந்த "ஒன்றைக் கூட்டு" என்பதை மறந்துவிடுவது வழக்கமான தவறு. மறு பக்கத்தில் 3.6-ஐ 0.15-ஆல் வகுத்தால் 24, ஒன்றைக் கூட்டினால் 4.2 மீட்டர் கம்பி 25.

மொத்த நீளம்: 29 கம்பி 3.6 மீட்டர் வீதம் 104.4 மீட்டர், 25 கம்பி 4.2 மீட்டர் வீதம் 105 மீட்டர். கூட்டினால் 209.4 மீட்டர். 0.395-ஆல் பெருக்கினால் சுமார் 82.7 கிலோ. கிராங்க், சப்போர்ட் மேல் வரும் எக்ஸ்ட்ரா கம்பி, லேப் எல்லாம் இதற்கு மேல் தனி.

ஆனால் 82.7 கிலோ என்று போய்க் கேட்டால் கடையில் வெட்டித் தர மாட்டார்கள். 12 மீட்டர் கம்பியாகத்தான் வாங்க வேண்டும். இங்கேதான் சூத்திரம் நின்று, வெட்டுக் கணக்கு ஆரம்பிக்கிறது.

யோசிக்காமல் வெட்டினால் என்ன ஆகும்? ஒரு கம்பியில் 3.6 மீட்டர் துண்டு மூன்று கிடைக்கும், 29 துண்டுக்கு 10 கம்பி வேண்டும். 4.2 மீட்டர் துண்டு ஒரு கம்பியில் இரண்டுதான், 25 துண்டுக்கு 13 கம்பி. ஆக 23 கம்பி, 109 கிலோ. தேவையைவிட 26 கிலோ அதிகம்.

இப்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 12 மீட்டரில் 4.2 மீட்டர் துண்டு இரண்டு வெட்டினால் மிச்சம் சரியாக 3.6 மீட்டர். அதுவே அடுத்த பக்கத்துக்குத் தேவையான துண்டு! 13 கம்பியில் 4.2 மீட்டர் துண்டு 26-ம், 3.6 மீட்டர் துண்டு 13-ம் கிடைத்துவிடும். 26-ல் ஒன்று உபரி, அதையும் 3.6 ஆகக் குறைத்தால் 14 ஆச்சு. பாக்கி 15 துண்டுக்கு 5 கம்பி போதும். மொத்தம் 18 கம்பி, 85.3 கிலோ.

ஒரே தளம், ஒரே வரைபடம். வித்தியாசம் 5 கம்பி, சுமார் 24 கிலோ. கிலோ 60 ரூபாய் என்று வைத்தால் ஒரு ரூமுக்கு 1,400 ரூபாய்க்கு மேல். பத்து ரூம் வரிசையாகக் கட்டுபவருக்கு அது 14,000 ரூபாய். எல்லா அளவும் இவ்வளவு அழகாகப் பொருந்தாது என்பது வேறு விஷயம். ஆனாலும் கம்பி வெட்டுவதற்கு முன்னால் பேப்பரில் ஒருமுறை வெட்டிப் பார்க்காத சைட்டில், ஓரமாகக் கிடக்கும் துண்டுக் கம்பிக் குவியல் எப்போதும் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும்.

வெர்னியர் வைத்து அளந்தால் போதாதா?

இதுவரை சொன்ன கணக்கு எல்லாமே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: 8 எம்எம் என்று வாங்கியது 8 எம்எம் தான். அது உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தால் தெரியுமே என்று தோன்றும். தெரியாது. கான்கிரீட்டுக்கு வரும் கம்பி வழவழப்பான உருளை இல்லை, மேலே வரிவரியாக மேடு இருக்கும். கான்கிரீட்டை இறுக்கிப் பிடிப்பதற்காகவே அந்த மேடு. வெர்னியரை மேட்டின் மேல் வைத்தால் ஓர் அளவு, பள்ளத்தில் வைத்தால் இன்னோர் அளவு. இரண்டுமே 12 இல்லை.

அப்படியானால் 12 எம்எம் என்பது எது? கம்பிக்கான இந்தியத் தரநிலை IS 1786 இதை வேறு மாதிரி வரையறுக்கிறது. அந்தக் கம்பியை வரியில்லாத, ஒரே சீரான உருளையாக நினைத்துக்கொண்டால், அதே நீளத்தில் அதே எடை வருவதற்கு எவ்வளவு விட்டம் இருக்க வேண்டுமோ, அதுதான் அதன் பெயரளவு விட்டம். சுருக்கமாகச் சொன்னால், ஒரு மீட்டருக்கு 888 கிராம் வருகிற கம்பிக்குத்தான் 12 எம்எம் என்று பெயர்.

அதாவது விட்டத்தை வைத்து எடையைக் கண்டுபிடிப்பது மட்டுமல்ல, எடையை வைத்துத்தான் விட்டத்தையே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதே சூத்திரம், பின்னாலிருந்து. ஒரு மீட்டர் எடையை 162-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் நிஜ விட்டம்.

செய்து பார்ப்பதும் கஷ்டமில்லை. கம்பியின் நடுப்பகுதியிலிருந்து ஒரு மீட்டர் துண்டு வெட்டி, முனை இரண்டும் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துரு, சிமென்ட் ஒட்டியிருந்தால் வயர் பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள். மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் வைத்தால் போதும். கவனமாக இருக்க வேண்டியது நீளத்தில்தான். ஒரு சென்டிமீட்டர் தப்பாக வெட்டினால் எடையில் ஒரு சதவீதம் தப்பு. சரியாக ஒரு மீட்டர் வரவில்லை என்றால் பரவாயில்லை, வந்த நீளத்தை மில்லிமீட்டர் வரை குறித்துக்கொண்டு, எடையை அந்த நீளத்தால் வகுத்துவிடலாம். தரநிலையே அரை மீட்டருக்குக் குறையாத துண்டைத்தான் கேட்கிறது.

12 எம்எம் என்று வந்த கம்பியில் ஒரு மீட்டர் 815 கிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.815-ஐ 162-ஆல் பெருக்கினால் 132. வர்க்கமூலம் 11.5. அரை எம்எம்தானே குறைவு என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் சூத்திரத்தில் D இரண்டு முறை பெருக்கப்படுகிறது. அதனால் விட்டத்தில் 4 சதவீதம் குறைந்தால், இரும்பில் 8 சதவீதம் குறைகிறது. இன்ஜினீயர் நூறு கிலோ இரும்பு வேண்டும் என்று நினைத்த பீமில் 92 கிலோதான் உட்கார்ந்திருக்கும். கம்பி எண்ணிக்கை சரியாக இருக்கும், போட்டோவிலும் சரியாகத் தெரியும். கான்கிரீட் ஊற்றிய பிறகு யாருக்கும் தெரியாது.

எவ்வளவு குறைந்தால் தப்பு?

கம்பி ஆலையில் உருட்டும்போது கொஞ்சம் கூடும், குறையும். ரோலர் தேயத் தேய அளவு மாறும். அதனால் IS 1786 ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஒற்றைத் துண்டை எடுத்து எடை போட்டால், 10 எம்எம் வரைக்கும் 8 சதவீதம் குறையலாம். அதற்கு மேல் 16 எம்எம் வரை 6 சதவீதம். அதற்கும் மேல் 4 சதவீதம்தான்.

கிராமில் சொன்னால் மனசில் நிற்கும். ஒரு மீட்டர் 8 எம்எம் 395 கிராம் இருக்க வேண்டும், 363-க்குக் கீழே போகக் கூடாது. 10 எம்எம் 617 இருக்க வேண்டும், 567 கடைசி. 12 எம்எம் 888, கடைசி 835. மேலே சொன்ன 815 கிராம் துண்டு வரம்புக்கு வெளியே போய்விட்டது, திருப்பி அனுப்பலாம்.

ஒரு துண்டை மட்டும் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம். வெவ்வேறு கட்டிலிருந்து மூன்று நான்கு துண்டு பாருங்கள். மொத்தமாக வரும் பேட்ச்சுக்கு வரம்பு இன்னும் இறுக்கம்: 10 எம்எம் வரை 7 சதவீதம், 16 எம்எம் வரை 5, அதற்கு மேல் 3. ஒன்றிரண்டு கம்பி கீழ் எல்லையைத் தொடலாம், எல்லாமே அங்கேயே நின்றால் ஆலையோ, கம்பியை மாற்றிக் கொடுத்தவரோ பதில் சொல்ல வேண்டும்.

பில்லில் யாருக்கு லாபம்?

வரம்புக்குள் இருக்கும் கம்பியிலும் பணம் கை மாறும். அது எந்தப் பக்கம் மாறும் என்பது, பில் எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

12 எம்எம் 50 கம்பி வாங்குகிறீர்கள். சூத்திரப்படி 533 கிலோ. வந்திருப்பது 5 சதவீதம் லேசான பேட்ச், நிஜ எடை சுமார் 507 கிலோ. தரநிலைப்படி இதில் குற்றமில்லை. கடைக்காரர் எடைமேடைச் சீட்டுப்படி 507 கிலோவுக்குப் பணம் வாங்கினால் கணக்கு நேர். கம்பியை எண்ணி, சூத்திரம் போட்டு 533 கிலோவுக்கு வாங்கினால், வராத 26 கிலோ இரும்புக்கு நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

அதுவே 5 சதவீதம் கனமான பேட்ச் என்றால் தலைகீழ். எடைமேடையில் 560 கிலோ காட்டும். உங்களுக்குத் தேவை 50 கம்பிதான், ஆனால் பில் 27 கிலோ கூடுதல். அந்த இரும்பு உங்கள் வீட்டுக்குள்தான் போகிறது, ஏமாற்று இல்லை. ஆனால் போட்டிருந்த பட்ஜெட் இடிக்கும். சைட்டில் "இன்ஜினீயர் அஞ்சு டன்னு சொன்னாரு, அஞ்சே கால் டன் ஆயிடுச்சு" என்று கேட்டால், உடனே திருட்டு என்று முடிவு கட்டாமல் இதையும் பார்க்க வேண்டும்.

கான்ட்ராக்ட் வேலையில் இது இன்னும் சுவாரசியம். மத்திய பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு, கம்பி வேலையை நீளத்தில் அளந்து, அட்டவணையில் உள்ள நிலையான எடையால் பெருக்கித்தான் பணம் கொடுக்கச் சொல்கிறது. வெட்டி வீணானதற்குக் காசு கிடையாது. ஆக, கான்ட்ராக்டருக்கு வரும் பணம் சூத்திர எடைக்கு, அவர் கடையில் கொடுக்கும் பணம் பெரும்பாலும் நிஜ எடைக்கு. லேசான கம்பி கிடைத்தால் நடுவில் இருக்கும் 4, 5 சதவீதம் அவர் பையில் நிற்கும். வரம்பின் கீழ் ஓரத்திலேயே ஓடும் கம்பிக்குச் சந்தையில் தேவை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டுக் கான்ட்ராக்டிலும் கம்பிக்குக் கிலோ கணக்கில் பேசியிருந்தால், எந்தக் கிலோ என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

எடைமேடையும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. லாரி ஏற்றும் எடைமேடை 5 கிலோ, 10 கிலோ படியில்தான் காட்டும். இரண்டு டன் கம்பிக்கு அது ஒன்றுமே இல்லை. ஒரு ரூமுக்கு 85 கிலோ வாங்குபவருக்கு, அந்தப் பத்துக் கிலோ முழுத் தவறு. சின்ன அளவில் வாங்கும்போது கடையிலுள்ள பிளாட்பார்ம் தராசில் கட்டாக ஏற்றச் சொல்லலாம். 8 எம்எம் வழக்கமாகப் பத்துக் கம்பி ஒரு கட்டு, சூத்திரப்படி 47.4 கிலோ. 12 எம்எம் ஐந்து கம்பி ஒரு கட்டு, 53.3 கிலோ. 44 கிலோவுக்குக் கீழே 8 எம்எம் கட்டு வந்தால், கம்பியை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரி என்றால் ஒரு மீட்டர் வெட்டுங்கள்.

தராசு சொல்லாத ஒன்று

எடை சரியாக இருப்பதால் கம்பி நல்ல கம்பி ஆகிவிடாது. 888 கிராம் வருகிற இரண்டு துண்டில் ஒன்று Fe 500 ஆகவும், மற்றொன்று எந்தத் தரத்துக்கும் வராத இரும்பாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் அடர்த்தி ஒன்றுதான், தராசுக்கு வித்தியாசம் தெரியாது. அதற்குக் கம்பியின் மேலேயே உருட்டிப் பதித்திருக்கும் நிறுவனப் பெயரையும், ஐஎஸ்ஐ குறியையும், பேட்ச்சுக்கான டெஸ்ட் சர்டிபிகேட்டையும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இழுவிசைச் சோதனைக்கு லேப்புக்குத்தான் அனுப்ப வேண்டும். லேப்பிலும் இழுப்பதற்கு முன்னால் முதல் வேலை, துண்டின் நீளத்தை அளந்து எடை போடுவதுதான். எத்தனை சதுர மில்லிமீட்டர் இரும்பை இழுக்கிறோம் என்பது அதிலிருந்துதான் தெரியும்.